161 வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது: தெளிவில்லாத சொல்லை ஊகிக்காமல் குறிக்கும் முறை

தமிழ்நாட்டின் காவல் நிலையங்களில் சாட்சி சொல்வதைத் தமிழில் எழுதுகிறார்கள். இதைத்தான் '161 வாக்குமூலம்' என்கிறார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி அங்கே நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும். அப்போது அந்த வாக்குமூலத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் மூலத் தாள் அல்ல. அவசரக் கையெழுத்தில் எழுதிய தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்த படிதான் வரும். ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், முத்திரை எழுத்தின் மேல் விழுந்திருக்கும், புள்ளிகள் பாதி காணாமல் போயிருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு படியிலிருந்து நம்பத்தக்க மொழிபெயர்ப்பை உருவாக்கும் வேலையைத் தொடக்கம் முதல் சான்றிதழ் வரை இங்கே பார்க்கலாம். கையால் எழுதிய காவல்துறை வாக்குமூலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சொல்லை ஊகித்தால் என்ன ஆகும்

காவல் அதிகாரி பதிவு செய்யும் இந்த வாக்குமூலம் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவின் கீழ் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 180ஆம் பிரிவு. நீதிமன்ற வட்டாரத்தில் இன்னும் '161 ஸ்டேட்மென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை, போடக் கூடாது என்பது சட்டம். ஆகவே கீழே கையெழுத்து இல்லையென்றால் அதை ஒரு குறையாகக் குறிப்பிட வேண்டாம்.

அரசுத் தரப்பு சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வதும் அவர் முன்பு போலீஸிடம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று காட்டத்தான் இந்த வாக்குமூலம் முக்கியமாகப் பயன்படுகிறது. பழைய சட்டத்தின் 162ஆம் பிரிவிலும் புதியதன் 181ஆம் பிரிவிலும் உள்ள விளக்கம் இன்னொரு படி மேலே போகிறது. முக்கியமான ஒரு விஷயத்தைச் சாட்சி முன்பு சொல்லாமல் விட்டிருந்தால், அந்த விடுபடுதலே முரண்பாடாக எண்ணப்படலாம். அதாவது, வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதும் வழக்கைத் தீர்மானிக்கக்கூடியது.

மொழிபெயர்ப்பவர் ஊகித்து ஒரு சொல்லைச் சேர்த்தால், சாட்சி விட்டுவிட்டதை அவரே நிரப்பிவிட்டார் என்று பொருள். ஊகித்து ஒரு சொல்லை விட்டால், இல்லாத ஒரு விடுபடுதலை அவரே உண்டாக்கிவிட்டார். நீதிபதி தமிழ் அறியாதவராக இருந்தால் அவருக்கு முன்னால் இருப்பது இந்த ஆங்கிலத் தாள் மட்டும்தான்.

முதல் வேலை: கிடைக்கக்கூடிய நல்ல படி

மொழிபெயர்க்க உட்காரும் முன் படியைச் சோதியுங்கள். பக்கங்களை எண்ணி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிச் சொல் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லோடு இணைகிறதா என்று பாருங்கள். இணையவில்லை என்றால் நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கலாம், அல்லது பின்பக்கத்தை நகலெடுக்காமல் விட்டிருக்கலாம். வலது ஓரத்தில் வரிகள் எல்லாமே அரைச் சொல்லில் முடிந்தால் நகல் இயந்திரம் ஓரத்தை வெட்டியிருக்கிறது.

தமிழில் வலது ஓரம் வெட்டுப்படுவது கூடுதல் ஆபத்து. வினையின் கடைசி எழுத்துதான் ஆணா பெண்ணா ஒருவரா பலரா என்று சொல்கிறது. 'வந்தா' என்பதோடு வரி வெட்டுப்பட்டால் வந்தவர் யார் என்பதற்கான ஒரே அடையாளம் போய்விடுகிறது.

வழக்கறிஞரிடம் நீதிமன்றக் கோப்பிலிருந்து வேறு நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லும்போது 'கறுப்பு வெள்ளை' அமைப்பு வேண்டாம், கலர் அல்லது கிரேஸ்கேல் அமைப்பில் 300 டிபிஐக்குக் குறையாமல் வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை அமைப்பில் இயந்திரம் ஒவ்வொரு இடத்தையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்று முடிவு செய்துவிடும். மெல்லிய பேனாப் புள்ளி வெள்ளையாகி மறையும், தாளில் இருந்த தூசு புள்ளியாகி நிற்கும். மெய்யெழுத்துப் புள்ளியை நம்பியிருக்கும் எழுத்துமுறைக்கு இது பெரிய கேடு.

நல்ல படி கிடைக்கவில்லை என்றால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. எந்தப் படியிலிருந்து செய்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கடைசியில் சான்றிதழில் வர வேண்டும்.

இரண்டாவது: எழுதியவரின் கையை அறிவது

முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படியுங்கள், ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல். பிறகு ஒரு தாளில் எழுதியவரின் எழுத்து வடிவங்களைத் திரட்டுங்கள். சந்தேகமே இல்லாத சொற்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். 'காவல் நிலையம்', 'முகவரி', 'விசாரித்தபோது' போன்ற வழக்கமான சொற்கள் இதற்கு உதவும். அவர் 'க' போடும் விதம், 'த' போடும் விதம், 'ன', 'ள' இவற்றின் வேறுபாடு, 'ர'வும் துணைக்காலும் ஒன்றாக இருக்கின்றனவா, 'ப', 'ய', 'ம' மூன்றும் எப்படிப் பிரிகின்றன, புள்ளி வைக்கும் பழக்கம் உண்டா, ஒற்று இரட்டிக்கிறாரா என்றெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். எண்களுக்கும் ஒரு வரிசை வேண்டும். 1ம் 7ம், 0வும் 6ம், 3ம் 8ம் குழம்புகிற இடங்கள் இவை. சொல்லைப் போல எண்ணுக்கு இலக்கணம் துணை வராது என்பதால் அதைத் தனியாகவும் கடுமையாகவும் பார்க்க வேண்டும்.

சுருக்கங்களையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 'த/பெ' தந்தை பெயர், 'க/பெ' கணவர் பெயர். 'க'வும் 'த'வும் ஒத்திருக்கும் கையெழுத்தில் ஒரு பெண்ணின் தந்தை அவள் கணவராகிவிடக்கூடும். 'கு.எண்' குற்ற எண், 'இ.த.ச.' இந்தியத் தண்டனைச் சட்டம். 'எதிரி' என்பது காவல்துறை எழுத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். ஆனால் அதே வாக்குமூலத்தில் சாட்சியின் பேச்சாக 'அவங்க எங்களுக்கு எதிரிங்க' என்று வந்தால் அது பகையாளி. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால் தவறு.

மூன்றாவது: ஆங்கிலத்துக்கு முன் தமிழ்ப் படி

அவசரத்தில் பலர் தாண்டிப்போவது இந்தப் படிநிலையைத்தான். கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், எழுத்தைப் படிப்பதும் பொருளைக் கொள்வதும் ஒரே நொடியில் நடந்துவிடும். மனம் பொருள் தரும் சொல்லைத்தான் பார்க்கும், தாளில் உள்ள எழுத்தைப் பார்க்காது. ஊகம் நுழைவதை நம்மாலேயே கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆகவே முதலில் மூலத்தை வரிக்கு வரி தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். மூலத்தில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடியுங்கள். பக்க எண், வரி எண் போடுங்கள். பிழை இருந்தால் பிழையோடு, புள்ளி இல்லையென்றால் புள்ளி இல்லாமல், அடித்திருந்தால் அடித்ததாகவே எழுதுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஓர் அடிக்கோடு, எத்தனை எழுத்து போனதாகத் தெரிகிறதோ அத்தனை அடிக்கோடு. இந்தத் தமிழ்ப் படி கையில் இருந்தால், பிறகு யார் கேள்வி கேட்டாலும் 'தாளில் தெரிவது இது, நான் கொண்ட பொருள் இது' என்று பிரித்துக் காட்ட முடியும்.

நான்காவது: தெளிவின்மையை வகை பிரிப்பது

எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே கேள்விக்குறி போடுவது பயன்படாது. படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது சந்தேகத்தின் வகையைப் பொறுத்தது. எழுத்து தெரியவில்லை என்றால் மூலத் தாளைப் பார்க்கலாம். எழுத்து தெரிந்து பொருள் தெரியவில்லை என்றால் அந்த வட்டார வழக்கு அறிந்தவரைக் கேட்கலாம். எழுத்தும் தெரிந்து பொருளும் தெரிந்து, இரண்டு பொருள் வருகிறது என்றால் மூலத் தாளைப் பார்த்தும் பயனில்லை, வழக்கறிஞர்கள்தான் வாதாட வேண்டும். ஆகவே குறிகள் இப்படிப் பிரிந்திருக்கட்டும்:

```
[illegible: 1 word]
[illegible: about 3 letters]
[cut off at margin]
[reading uncertain: X / Y]
[ambiguous: X / Y]
[meaning not known: "..."]
[struck out: ...]
[sic]
```

முதல் மூன்றும் படிக்கவே முடியாதவற்றுக்கு. எத்தனை சொல் அல்லது எழுத்து என்ற அளவைக் கட்டாயம் கொடுங்கள். ஒரு சொல் தெரியவில்லை என்பதற்கும் இரண்டு வரி தெரியவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு வாதத்தில் பெரிது. நான்காவது, எழுத்து இரண்டு விதமாகப் படிக்கக்கூடியது. ஐந்தாவது, எழுத்து தெளிவு, பொருள் இரண்டு. ஆறாவதில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். கடைசிக் குறி மூலத்திலேயே உள்ள பிழைக்கு. எடுத்துக்காட்டாக, மூலத்தில் 31.11 என்று தெளிவாக எழுதியிருந்தால் அப்படியே எழுதி இந்தக் குறியைச் சேருங்கள். நவம்பரில் 31 இல்லை என்று 30 ஆக்குவது உங்கள் வேலை அல்ல.

சதுர அடைப்பு முழுக்க உங்களுடையது, வளைந்த அடைப்பு மூலத்தில் இருப்பது என்ற விதியை மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் குறிப்பை யாராவது சாட்சியின் சொல்லாக மேற்கோள் காட்டிவிடுவார்கள்.

எதற்குக் குறி, எதற்கு வேண்டாம்

ஒவ்வொரு கோணல் எழுத்துக்கும் குறி போட்டால் தாள் படிக்க முடியாததாகிவிடும், உண்மையான சந்தேகங்களும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். எங்கே கோடு போடுவது?

எழுத்து வடிவமும் இலக்கணமும் சேர்ந்து ஒரே சொல்லைத்தான் தருகின்றன என்றால் குறி வேண்டாம். 'அவ_ வந்தாள்' என்பதில் 'வந்தாள்' தெளிவாக இருந்தால் முன்னால் இருப்பது 'அவள்'தான். இந்தச் சான்று அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனால் 'கொலை வழக்கு, காயம் வெட்டுக்காயம், ஆகவே இது கத்தியாகத்தான் இருக்கும்' என்று சம்பவத்திலிருந்து சொல்லுக்கு வருவது வேறு. அந்த வழியில் வந்த எந்தச் சொல்லும் குறியில்லாமல் மொழிபெயர்ப்புக்குள் வரக் கூடாது. இலக்கணச் சான்றை ஏற்கலாம், சம்பவச் சான்றை ஏற்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தயக்கமே வராது.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மற்ற சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் சம்பவச் சான்றுதான். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டு போன்ற சிறு விஷயத்துக்கு அவற்றைப் பார்த்தால்கூட, 'இது வேறு ஆவணத்தைப் பார்த்துக் கொண்ட எழுத்துக்கூட்டு' என்று குறிப்பில் எழுதுங்கள். இயன்றவரை மொழிபெயர்ப்பு முடியும் வரை அந்த ஆவணங்களைப் படிக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு பகுதியைச் செய்து பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு பகுதி. தமிழ்ப் படியில் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் 1, வரி 6 முதல்:

```
6  நேற்று இரவு சுமார் 9 மணிக்கு நானும் என் மாமாவும்
7  கடை வாசலில் பேசிகொண்டிருந்தபோது எதிரி கத்திகொண்டு வந்தா_
8  என் மாமாவை பார்த்து உன்னை விடமாட்டேன் என்று சொல்லி
9  _த்தியால் தலையில் அடித்தான் அவர் கீழே விழுந்துவிட்டார்
```

ஏழாம் வரியில் 'கத்திகொண்டு வந்தா_'. எதிரி கூச்சலிட்டுக்கொண்டு வந்தாரா, கத்தியைக் கையில் கொண்டு வந்தாரா? முறையாக எழுதினால் கூச்சலிட்டது 'கத்திக்கொண்டு' என்று ஒற்று மிகுந்து வரும், ஆயுதம் கொண்டு வந்தது 'கத்தி கொண்டு' என்று மிகாமல் வரும். இங்கே ஒற்று இல்லை. அதனால் கத்திதான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே வரியில் 'பேசிகொண்டிருந்தபோது' என்று இருப்பதைப் பாருங்கள். அங்கேயும் 'க்' வர வேண்டும், வரவில்லை. இவர் ஒற்று போடாதவர். ஆகவே ஒற்று இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எழுத்து வடிவத் தாளைத் தயாரிப்பதன் பயன் இந்த மாதிரி இடத்தில் தெரியும். ஒற்றைத் தவறாமல் போடுகிறவராக இருந்திருந்தால் ஆயுதம் என்ற பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அப்போதும் முடிவை உடலில் எழுதி, மாற்றுப் பொருளையும் காரணத்தையும் குறிப்பில் தந்திருக்க வேண்டும்.

இதே இடத்தை முன்பு பார்த்த விடுபடுதல் விதியோடு சேர்த்துப் பாருங்கள். சாட்சி கூண்டில் 'எதிரி கத்தியோடு வந்தான்' என்கிறார். மொழிபெயர்ப்பில் கூச்சலிட்டு வந்ததாக மட்டும் இருந்தால், கத்தியை அவர் போலீஸிடம் சொல்லவே இல்லை, பிறகு சேர்த்துச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். கத்தியோடு வந்ததாக மட்டும் இருந்தால் அந்த வாதமே எழாது. இரண்டில் எது சரி என்று முடிவு செய்யும் உரிமை மொழிபெயர்ப்பவருக்கு இல்லை.

அதே வரியின் கடைசியில் 'வந்தா_' வெட்டுப்பட்டிருக்கிறது. வந்தவர் ஆணா பெண்ணா என்பது அந்த இடத்தில் தெரியவில்லை. ஒன்பதாம் வரியில் 'அடித்தான்' தெளிவாக இருக்கிறது, எழுவாய் மாறியதற்கான அடையாளமும் இல்லை. ஆங்கிலத்தில் 'தி அக்யூஸ்டு கேம்' என்று எழுதினால் பால் காட்ட வேண்டிய தேவையே வராது. ஆனாலும் எழுத்து வெட்டுப்பட்டதைக் குறிப்புப் பட்டியலில் சொல்லிவிட வேண்டும். 'வந்தார்கள்' என்று பன்மையாக இருந்து, மற்ற எழுத்துகள் ஓரத்தோடு போயிருக்க வாய்ப்பு இருக்கிறது. எதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கில் அது சிறிய விஷயம் அல்ல.

ஒன்பதாம் வரியில் முதல் எழுத்து முத்திரைக்குக் கீழே போய்விட்டது. 'கத்தியால்' என்று நிரப்ப எவருக்கும் கை துறுதுறுக்கும், இரண்டு வரிக்கு முன்னால் 'கத்தி' வந்திருப்பதால் இன்னும் கூடுதலாக. ஆனால் முன்னால் வந்தது கத்தியா என்பதே உறுதியில்லை. 'சுத்தியால்' என்றும் இருக்கலாம், அதாவது சுத்தியலால். 'அடித்தான்' என்பதால் சுத்தியல்தான் என்றும் சொல்ல முடியாது, கத்தியின் பின்புறத்தாலும் அடிக்கலாம். தெரிவதை மட்டும் கொடுத்து இரண்டையும் வைக்க வேண்டும்.

வினையையும் கவனியுங்கள். அடித்தான், வெட்டினான், குத்தினான், கீறினான் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆரம்பத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைத்திருங்கள். இங்கே 'அடித்தான்' என்பதற்கு 'ஸ்ட்ரக்' போதும். குத்திவிட்டான், வெட்டிவிட்டான் என்ற பொருள் வரும் சொல்லைப் போட்டால் காயத்தின் தன்மையையே மாற்றியதாகும். 'குத்தினான்' வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கையால் குத்துவதும் கத்தியால் குத்துவதும் தமிழில் ஒரே வினை. அதன் அருகில் உள்ள ஆயுதச் சொல் படிக்க முடியாமல் போனால், படிக்க முடிந்த வினையும் இருபொருள் ஆகிவிடும். இரண்டு இடத்திலும் குறி வேண்டும்.

'மாமா' தாயின் சகோதரரா, மாமனாரா, அத்தையின் கணவரா என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. 'அங்கிள்' என்று எழுதினால் மாமனாராக இருக்கும் வாய்ப்பு அழிந்துவிடுகிறது. ஆகவே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு குறிப்பில் விளக்குவதே சரி. ஒன்பதாம் வரி 'அவர்' மாமாவைத்தான் சுட்டுகிறதா? எட்டாம் வரியின் தொடர்ச்சியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது, மாமா என்ற பொருளில் 'ஹி' என்று எழுதலாம். ஆனால் 'அவர்' இருந்த இடத்தில் 'மை மாமா' என்று மாற்றி எழுதாதீர்கள். பிரதிப்பெயர் பிரதிப்பெயராகவே இருக்கட்டும். 'தலையில் அடித்தான்' என்பதில் யாருடைய தலை என்று மூலம் சொல்லவில்லை, ஆங்கிலத்திலும் சொல்லாமல் விட முடியும்.

இவ்வளவும் சேர்ந்து வருவது:

```
Last night at about 9 o'clock, when I and my mama [Note 1]
were talking at the shop entrance, the accused came
[ambiguous: shouting / bringing a knife] [Note 2]. Looking at
my mama he said "I will not let you go" and struck on the head
with a [reading uncertain: knife / hammer] [Note 3].
He fell down.
```

ஆங்கிலம் கொஞ்சம் முரடாக இருக்கிறது. இருக்கட்டும். சாட்சி எந்த வரிசையில் சொன்னாரோ அந்த வரிசையில், அவர் தன்மையில் சொன்னதைத் தன்மையில், அவர் திரும்பச் சொன்னதைத் திரும்பவும் சொல்வதுதான் இந்த வேலை. நயத்துக்காக வாக்கியத்தை இணைத்தால், 'பிறகு', 'அதனால்' போன்ற மூலத்தில் இல்லாத தொடர்புகள் உள்ளே வந்துவிடும்.

நேரத்தையும் அளவையும் மாற்றாதீர்கள். 'சுமார் 9 மணி' என்பதில் 'சுமார்' விழக் கூடாது. 'நேற்று' என்பதைத் தேதியாக மாற்றக் கூடாது. 'விடியற்காலை' என்பதற்கு மணி போடக் கூடாது. 'ஒரு முழம் நீளக் கம்பு' வந்தால் முழம் என்றே வைத்துக் குறிப்பில் விளக்குங்கள், சென்டிமீட்டர் ஆக்க வேண்டாம்.

ஐந்தாவது: குறிப்புப் பட்டியல்

உடலில் உள்ள குறி சுருக்கமாக இருக்க வேண்டும், காரணம் கடைசியில் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் மூலத்தின் பக்கம், வரி, தாளில் கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்துகள், சாத்தியமான வாசிப்புகள், ஏன் தெளிவில்லை என்பதற்கு ஒரு வாக்கியம், இவ்வளவு போதும். மேலே உள்ள மூன்றாம் குறிப்பு 'பக்கம் 1, வரி 9, தெரிவது _த்தியால், முதல் எழுத்தின் மேல் முத்திரை' என்ற செய்தியை ஆங்கிலத்தில் தர வேண்டும். தமிழ் எழுத்துகளையும் அதே பதிவில் தமிழிலேயே வையுங்கள். தமிழ் அறிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தாளைத் திறந்து அந்த இடத்தை நேரே பார்த்துக்கொள்ள முடியும்.

எந்த வாசிப்பு அதிக வாய்ப்புள்ளது என்று எழுத வேண்டுமா? எழுத்து வடிவத்திலிருந்து காரணம் காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள். காரணம் இல்லாத சாய்வு, குறிப்பின் வேடத்தில் வரும் ஊகம்தான்.

ஆறாவது: இரண்டாம் கண்

சந்தேக இடங்களைத் தமிழ்க் கையெழுத்து படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுங்கள். முறை முக்கியம். 'இது கத்திதானே?' என்று கேட்டால் அவருக்கும் கத்திதான் தெரியும். அந்தச் சொல்லை மட்டும் படமாக வெட்டி, எதுவும் சொல்லாமல் கொடுத்து, தெரிவதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு முழு வரியைக் காட்டி மறுபடி எழுதச் சொல்லுங்கள். சொல்லை மட்டும் பார்த்தே நீங்கள் இருவரும் ஒரே வாசிப்புக்கு வந்தால் குறியை எடுக்கலாம். வரியைப் பார்த்த பிறகுதான் ஒத்துப்போகிறது என்றால், அந்த ஒப்புதலைத் தந்தது இலக்கணமா சம்பவமா என்று பழைய விதியை வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டு வாசிப்பும் பட்டியலுக்குப் போகட்டும்.

கடைசியாக எண்களை மட்டும் தனியாக ஒரு முறை ஒப்பிடுங்கள். தேதி, மணி, குற்ற எண், வயது, தொகை. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க மற்றவர் மொழிபெயர்ப்பில் சரிபார்ப்பது நல்லது. பெயர்களின் எழுத்துக்கூட்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூலத்தில் ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக இருந்தால் ஆங்கிலத்திலும் இரண்டு விதமாகவே இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் சொல்லைத் தந்தால்

குறிகளைப் பார்த்ததும் 'அது கத்திதான், எஃப்ஐஆரிலேயே இருக்கிறது, குறியை எடுத்துவிடுங்கள்' என்று கேட்பது அடிக்கடி நடக்கும். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அது தாளிலிருந்து வந்த தகவல் அல்ல. நிதானமாக இரண்டு வழிகளைச் சொல்லுங்கள். நீதிமன்றக் கோப்பில் உள்ள மூலத் தாளைப் பார்த்து எழுத்து தெரிந்தால் குறியை நீக்கலாம். இல்லையென்றால் குறி இருக்கும், அவர் தன் வாதத்தில் எஃப்ஐஆரைச் சேர்த்து வாதிடலாம். சாட்சியையோ எழுதிய காவலரையோ தொலைபேசியில் கேட்டுச் சொல்லை நிரப்பவும் கூடாது. அன்று எழுதியது என்ன என்பதுதான் கேள்வி, இன்று அவருக்கு நினைவிருப்பது அல்ல.

சான்றிதழ்

'உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் படியிலிருந்து, எத்தனை பக்கம், குறிகள் என்ன பொருளில் என்பதும் இருக்க வேண்டும்:

```
I know Tamil and English. This is a true and complete
translation of a handwritten statement of 4 pages, made from
a photocopy. I have not seen the original. Words in square
brackets are mine. Unclear places are marked and listed in
Notes 1 to 3. Nothing has been supplied from any other document.
```

கீழே பெயர், கையெழுத்து, தேதி. ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். நீதிமன்றப் பதிவகம் தனக்கென ஒரு வாசகம் கேட்டால் அதை முதலில் வைத்து, மேலே உள்ள செய்திகளை அதன் கீழே சேர்த்துக்கொள்ளலாம். குறிப்பு எண்களின் எண்ணிக்கை சான்றிதழில் இருப்பதால் பின்னால் யாராவது ஒரு குறியை நீக்கினால் உடனே தெரிந்துவிடும்.

தாக்கல் செய்த பிறகு நல்ல நகல் கிடைத்து, முத்திரைக்குக் கீழே இருந்த எழுத்து 'சு' என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கோப்பைத் திறந்து சொல்லை மட்டும் மாற்றி அச்செடுக்காதீர்கள். திருத்திய மொழிபெயர்ப்பு என்று புதிய தேதியோடு தயாரித்து, மூன்றாம் குறிப்பை நீக்காமல் 'முன்பு முதல் எழுத்து தெரியவில்லை. சான்றிட்ட நகலில் சுத்தியால் என்று படிக்க முடிகிறது' என்று அதையே திருத்தி எழுதி, சான்றிதழில் இப்போது பார்த்த படி எது என்பதையும் மாற்றுங்கள். ஏழாம் வரியின் குறி அப்படியே இருக்கும். ஒன்பதாம் வரியில் ஆயுதம் சுத்தியல் என்று தெரிந்துவிட்டதால் எதிரி கூச்சலிட்டுத்தான் வந்திருப்பார் என்று முடிவு செய்வதும் சம்பவத்திலிருந்து சொல்லுக்கு வருவதுதான்.